போக்குவரத்துக் கணக்கின் விடை பிறந்த கதை

தேர்வில் போக்குவரத்துக் கணக்கு போட்டுப் பழகியவர்களுக்கு அதன் விடை ஒரு சடங்கு மாதிரி. அட்டவணை வரை, வோகல் முறையில் நிரப்பு, நிரம்பிய கட்டங்களை எண்ணு, u, v கண்டுபிடி, சுற்று போடு, θ கூட்டிக் கழி, மறுபடியும் u, v. எந்த அடி எதற்காக என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. இந்த விடையை யாரும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ரயில் சரக்கைத் திட்டமிட்ட ரஷ்யர் ஒருவர், லெனின்கிராடில் ஒரு கணிதப் பேராசிரியர், போர்க்காலக் கப்பல்களைக் கணக்கு பார்த்த ஒரு டச்சுக்காரர், அமெரிக்க விமானப்படையில் ஒரு கணிதவியலாளர் என்று ஆளுக்கொரு துண்டாக, 1930-க்கும் 1958-க்கும் இடையில் சேர்ந்தது இது. ஒரு கணக்கைக் கடைசி வரை போட்டுக்கொண்டே அந்தத் துண்டுகள் வந்த வழியையும் பார்ப்போம்.

கணக்கு இதுதான். அ, ஆ, இ என்று மூன்று சிமென்ட் ஆலைகள். அவற்றில் முறையே 50, 40, 60 டன் இருக்கிறது. க, ச, த என்று மூன்று ஊர்கள். அவற்றுக்கு 60, 45, 45 டன் வேண்டும். ஒரு டன்னை எந்த ஆலையிலிருந்து எந்த ஊருக்குக் கொண்டுபோக என்ன செலவு (நூறு ரூபாய்க் கணக்கில்) என்பது கட்டங்களுக்குள் இருக்கிறது.

| ஆலை | க | ச | த | இருப்பு |
|---|---|---|---|---|
| அ | 2 | 3 | 9 | 50 |
| ஆ | 6 | 8 | 8 | 40 |
| இ | 11 | 9 | 7 | 60 |
| தேவை | 60 | 45 | 45 | 150 |

கேள்வியை இந்த வடிவத்தில் வைத்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் ஹிட்ச்காக். ஒரே பொருளைப் பல இடங்களிலிருந்து பல ஊர்களுக்குப் பங்கிடுவது எப்படி என்று 1941-ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் சில புத்தகங்கள் இதை ஹிட்ச்காக் கணக்கு என்றே சொல்கின்றன. அவருக்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே, 1781-ல், கஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டிய மண்ணை மேடாக்க வேண்டிய இடங்களுக்குக் குறைந்த உழைப்பில் கொண்டுசேர்ப்பது பற்றி எழுதியிருந்தார். கேள்வி பழையதுதான். ஆனால் மோன்ஜின் எழுத்திலிருந்து நம் விடைத்தாளுக்கு நேரடியாக ஒரு வரியும் வரவில்லை.

விடையின் முதல் வரி, மொத்த இருப்பு 150, மொத்தத் தேவை 150, இரண்டும் சமம் என்று எழுதுவது. சமமாக இல்லையென்றால், குறைகிற பக்கத்தில் செலவு பூஜ்யமாக ஒரு போலி ஆலையையோ போலி ஊரையோ சேர்த்துச் சமமாக்க வேண்டும். நம் கணக்கில் அந்த வேலை இல்லை.

அடுத்து, எத்தனை கட்டங்கள் நிரம்ப வேண்டும்? வரிசைகளையும் நிரல்களையும் கூட்டி ஒன்றைக் கழி என்று வாய்ப்பாடு சொல்கிறது: 3 + 3 − 1 = 5. அந்த ஒன்று ஏன் குறைகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. நம்மிடம் ஆறு நிபந்தனைகள் இருக்கின்றன, மூன்று இருப்பு, மூன்று தேவை. ஆனால் மொத்தம் சமமாக இருப்பதால் ஐந்து நிபந்தனைகள் நிறைவேறிவிட்டால் ஆறாவது தானாக நிறைவேறிவிடும். அதனால் சுதந்திரமான நிபந்தனைகள் ஐந்துதான். அமெரிக்க விமானப்படைக்காக வேலை பார்த்த ஜார்ஜ் டான்சிக் 1947-ல் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். எத்தனை சுதந்திரமான நிபந்தனைகளோ அத்தனை கட்டங்களில் மட்டும் சரக்கை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் குறைந்த செலவை அடைந்துவிடலாம் என்பது அதன் சாரம். 1951-ல் வெளிவந்த கட்டுரையில் அதையே போக்குவரத்து அட்டவணைக்கு ஏற்றபடி சுருக்கிக் கொடுத்தார். நாம் இன்று போடும் விடையின் எலும்புக்கூடு அந்தக் கட்டுரைதான்.

சிம்ப்ளெக்ஸுக்கு எங்கிருந்தாவது ஒரு தொடக்கம் வேண்டும். டான்சிக் மிக எளிய வழியை எடுத்தார். மேல் இடது மூலையிலிருந்து தொடங்கி, முடிந்த மட்டும் நிரப்பி, வரிசை தீர்ந்தால் கீழேயும் நிரல் தீர்ந்தால் வலப்பக்கமும் நகர்வது. அதற்கு வடமேற்கு மூலை விதி என்று பெயர் வைத்தவர்கள் சார்ன்ஸ், கூப்பர் என்ற இருவர். நம் கணக்கில் அப்படிச் செய்தால் அ-க 50, ஆ-க 10, ஆ-ச 30, இ-ச 15, இ-த 45 என்று ஐந்து கட்டங்கள் நிரம்பும். செலவு 100 + 60 + 240 + 135 + 315 = 850.

இந்த விதி செலவைப் பார்ப்பதே இல்லை. அட்டவணையை எழுதிய வரிசையை மட்டும்தான் பார்க்கிறது. ஆலைகளை இ, ஆ, அ என்று தலைகீழாக எழுதிவிட்டு இதே விதியைப் போடுங்கள். இ-க 60, ஆ-ச 40, அ-ச 5, அ-த 45 என்று வரும், செலவு 1400. கணக்கு அதேதான், எழுதிய ஒழுங்கு மட்டும்தான் மாறியது. இதில் நான்கு கட்டங்கள்தான் நிரம்பின என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆகவே தொடக்கத்திலேயே செலவையும் பார்த்து நிரப்பும் முறைகள் வந்தன. தேர்வுகளில் அதிகம் கேட்கப்படுவது வோகல் முறை. ரைன்ஃபெல்டும் வோகலும் 1958-ல் எழுதிய புத்தகத்தில் இது இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் மிகக் குறைந்த செலவுக்கும் அதற்கடுத்த செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். மலிவான வழியைத் தவறவிட்டால் டன்னுக்குக் குறைந்தது இவ்வளவு நஷ்டம் என்று அது சொல்கிறது. அதற்கு அபராதம் என்று பெயர். அதிக அபராதம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் நிரப்ப வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். வரிசை அபராதங்கள்: அ 1, ஆ 2, இ 2. நிரல் அபராதங்கள்: க 4, ச 5, த 1. பெரியது ச நிரலின் 5. அந்த நிரலில் மலிவானது அ-ச, செலவு 3. அங்கே 45 டன் வைக்கிறோம். ச தீர்ந்தது, அ ஆலையில் 5 டன் மிச்சம். ச நிரலை விட்டுவிட்டு மறுபடியும் அபராதம்: அ 7, ஆ 2, இ 4, க 4, த 1. பெரியது அ வரிசையின் 7. அதில் மலிவானது அ-க, அங்கே மிச்சமுள்ள 5 டன் போகிறது. அ வரிசையும் தீர்ந்தது. மூன்றாவது முறை: ஆ 2, இ 4, க 5, த 1. க நிரலில் மலிவானது ஆ-க, 40 டன். இனி இ ஆலை மட்டும்தான் பாக்கி. அதன் 60 டன்னில் க ஊருக்கு 15, த ஊருக்கு 45. செலவு 45×3 + 5×2 + 40×6 + 15×11 + 45×7 = 865.

வோகல் 865, கண்ணை மூடிக்கொண்டு போட்ட வடமேற்கு மூலை 850! வோகல் முறை பெரும்பாலும் நல்ல தொடக்கத்தைத் தரும் என்பது உண்மை. ஆனால் எப்போதும் தரும் என்று எவரும் நிரூபித்ததில்லை, நிரூபிக்கவும் முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. ஏன் தவறியது? ச நிரலின் செலவுகள் 3, 8, 9, வித்தியாசம் 5. க நிரலின் செலவுகள் 2, 6, 11, வித்தியாசம் 4. அபராதம் முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்து ச-வுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டது. க ஊருக்கு 60 டன் வேண்டும், 6-க்குக் கொடுக்கும் ஆ ஆலையில் இருப்பதோ 40 டன். எனவே அ ஆலையின் சரக்கை க இழந்தால் அடுத்து அதன் தலையில் விழுவது 11. அந்த மூன்றாவது எண் அபராதக் கணக்குக்குள் வரவே இல்லை.

இந்த வித்தியாசம் பார்க்கும் யோசனை வோகலுக்கு முன்பே இருந்தது. சோவியத் ரயில்வே சரக்குப் போக்குவரத்தைத் திட்டமிட 1930-ல் டோல்ஸ்டாய் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். (நாவலாசிரியர் அல்ல, பெயர் மட்டும் ஒன்று.) சரக்கு இரண்டே இடங்களிலிருந்து வருமானால், ஒவ்வொரு ஊருக்கும் அந்த இரண்டு தூரங்களின் வித்தியாசத்தை எடுத்து, வித்தியாசத்தின் வரிசையில் ஊர்களை அடுக்கி, ஒரு முனையிலிருந்து ஓரிடத்தின் சரக்கையும் மறுமுனையிலிருந்து இன்னோரிடத்தின் சரக்கையும் கொடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்று அவர் காட்டினார். இரண்டு இடம் என்றால் மூன்றாவது எண்ணே கிடையாது. அதனால் அங்கே இந்த வழி பிசகுவதில்லை.

இடங்கள் அதிகமானபோது டோல்ஸ்டாய் வேறொன்றைச் செய்தார். விடைத்தாளின் அடுத்த அடி அதுதான். ஒரு திட்டம் கையில் இருக்கும்போது, அதில் சரக்கைச் சுற்றி நகர்த்திப் பார்த்து தூரம் குறைகிறதா என்று பார்ப்பது. நம் 865 திட்டத்தில் இ-ச கட்டம் காலி. அதில் ஒரு டன் வைத்தால் என்ன ஆகும்? ச ஊருக்கு ஒரு டன் அதிகமாகிவிடும், அதனால் அ-ச கட்டத்தில் ஒரு டன் குறைக்க வேண்டும். அ ஆலையில் ஒரு டன் மிஞ்சும், அதை அ-க கட்டத்தில் சேர்க்க வேண்டும். இப்போது க ஊருக்கு ஒரு டன் அதிகம், அதை இ-க கட்டத்தில் குறைத்தால் இ ஆலையின் கணக்கும் நேராகிவிடும். சுற்று முடிந்தது. செலவில் மாற்றம் 9 − 3 + 2 − 11 = −3. டன்னுக்கு 3 மிச்சம்.

எந்தச் சுற்றிலும் மிச்சம் கிடைக்காத திட்டம்தான் சிறந்த திட்டம் என்ற எண்ணத்தில் டோல்ஸ்டாய் வேலை செய்தார். சிறந்த திட்டத்தில் அப்படிப்பட்ட சுற்று இருக்காது என்பது எளிதில் விளங்கும், இருந்தால் இன்னும் குறைத்திருக்கலாமே. மறுபக்கம்தான் கடினம். சுற்று ஏதும் இல்லை என்பதாலேயே அதைவிட மலிவான திட்டம் எங்கும் கிடையாது என்று சொல்லிவிட முடியுமா? அதை அவர் நிரூபிக்கவில்லை, உண்மையென்று வைத்துக்கொண்டு நடந்தார். அப்படி நடந்தே 10 இடங்களிலிருந்து 68 ஊர்களுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கணக்கைக் கையால் போட்டு முடித்தார். கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஷ்ரைவர் பல ஆண்டுகள் கழித்து அதைக் கணினியில் சோதித்தபோது டோல்ஸ்டாயின் விடை மிகச் சரியாக இருந்தது.

காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுற்று போட்டுச் சோதிப்பதைச் சார்ன்ஸும் கூப்பரும் 1954-ல் படிக்கல் முறை என்ற பெயரில் பாடமாக்கினார்கள். நிரம்பிய கட்டங்கள்தான் கற்கள், அவற்றின் மேல் மட்டும் கால்வைத்துத் திரும்பி வர வேண்டும். நம் அட்டவணையில் நான்கு காலிக் கட்டங்கள்தான், சமாளித்துவிடலாம். டோல்ஸ்டாயின் அளவில் ஒரு கணக்கு வந்தால் 600-க்கும் மேற்பட்ட காலிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. அதைத் தவிர்க்கத்தான் u, v.

இந்த u, v இரண்டு நாடுகளில், ஒருவருக்கொருவர் தெரியாமல் பிறந்தது. லெனின்கிராடில் லியோனிட் கன்டரோவிச் 1938-ல் ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனம் ஒன்று கொண்டுவந்த கேள்வியில் தொடங்கி, 1939-ல் உற்பத்தித் திட்டமிடல் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1942-ல் பொருளை இடம் மாற்றுவது பற்றிச் சில பக்கங்களில் ஒரு கட்டுரை. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுக்க முடிந்து, எந்த இரண்டு இடங்களுக்கும் அந்த எண்களின் வித்தியாசம் போக்குவரத்துச் செலவைத் தாண்டாமலும், சரக்கு உண்மையில் போகும் வழிகளில் செலவுக்குச் சரியாகச் சமமாகவும் இருந்தால், அந்தத் திட்டம் சிறந்தது என்று அதில் நிரூபித்தார். டோல்ஸ்டாயிடம் இல்லாத மறுபாதி இதுதான். கவுரின் என்பவருடன் சேர்ந்து சரக்குப் போக்குவரத்துக்கு இதைப் பயன்படுத்தி எழுதிய கட்டுரை 1949 வரை அச்சாகவில்லை. சந்தை இல்லாத நாட்டில் ஒவ்வோர் இடத்திலும் பொருளுக்கு ஒரு விலை ஒட்டுகிற கணிதத்தைப் பொருளாதார அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

அதே 1942-ல் வாஷிங்டனில், பிரிட்டிஷ் வணிகக் கப்பல் பணியில் புள்ளியியலாளராக இருந்த ஜாலிங் கூப்மன்ஸ், ஒரு வழித்தடத்தில் சரக்கு கூடினால் மற்றத் தடங்களில் எவ்வளவு கப்பல் வசதி குறையும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஓர் எண் கொடுத்தால் இதை எளிதாகச் சொல்லலாம் என்று அவரும் கண்டார். இயற்பியல் படித்தவர் என்பதால் மின்சுற்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் மின்னழுத்தம் இருப்பது அவருக்கு நினைவில் இருந்தது. 1975-ல் பொருளாதார நோபல் பரிசு கன்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் சேர்த்துக் கிடைத்தது. டான்சிக்குக்குக் கொடுக்காதது அநியாயம் என்பது என் கட்சி.

விடைத்தாளுக்கு வருவோம். வகுப்பறையில் இதை மோடி முறை என்பார்கள், அரசியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆலைகளுக்கு u, ஊர்களுக்கு v. நிரம்பிய கட்டம் ஒவ்வொன்றிலும் u + v = செலவு. ஐந்து சமன்பாடுகள், ஆறு எண்கள். அதனால் ஒன்றை நாமே பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோம். மேலே ஒரு நிபந்தனை உபரியாக இருந்ததே, அதன் மறுபக்கம் இது. அ ஆலையின் u = 0 என்றால், அ-க கட்டத்தின் 2-லிருந்து க ஊரின் v = 2. அ-ச கட்டத்திலிருந்து ச-வின் v = 3. ஆ-க கட்டம் 6, எனவே ஆ-வின் u = 4. இ-க கட்டம் 11, எனவே இ-யின் u = 9. இ-த கட்டம் 7, எனவே த-வின் v = −2. எதிர் எண் வந்தால் பதற வேண்டாம், u, v எதுவாகவும் இருக்கலாம்.

இனி காலிக் கட்டங்களில் செலவிலிருந்து u + v-யைக் கழிக்க வேண்டும். அ-த: 9 − (0 − 2) = 11. ஆ-ச: 8 − (4 + 3) = 1. ஆ-த: 8 − (4 − 2) = 6. இ-ச: 9 − (9 + 3) = −3. சுற்று போட்டுக் கண்ட அதே −3, இந்த முறை சுற்றே போடாமல் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு எதிர் எண் இருப்பதால் இ-ச உள்ளே வருகிறது.

சுற்றை இப்போது ஒரே ஒரு தடவை வரைந்தால் போதும்: இ-ச கூட்டல், அ-ச கழித்தல், அ-க கூட்டல், இ-க கழித்தல். எவ்வளவு நகர்த்தலாம்? கழித்தல் மூலைகளில் 45-ம் 15-ம் இருக்கின்றன. சிறியதான 15-தான் θ. 45-ஐ எடுத்துவிட்டால் இ-க கட்டம் −30 ஆகிவிடும், அப்படி ஒரு சரக்கு உலகத்தில் இல்லை. 15-ஐக் கூட்டிக் கழித்தபின் புதிய திட்டம் இப்படி நிற்கிறது.

| ஆலை | க | ச | த | இருப்பு |
|---|---|---|---|---|
| அ | 20 | 30 | – | 50 |
| ஆ | 40 | – | – | 40 |
| இ | – | 15 | 45 | 60 |
| தேவை | 60 | 45 | 45 | 150 |

செலவு 40 + 90 + 240 + 135 + 315 = 820. முன்பு 865, நகர்ந்தது 15 டன், டன்னுக்கு 3 மிச்சம், ஆக 45 குறைய வேண்டும். குறைந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இந்தச் சரிபார்ப்பைச் செய்வது அரை நிமிட வேலை. இன்னொன்றும் உண்டு. இந்த முறையில் நாம் கூட்டுவதும் கழிப்பதும் மட்டும்தான், சரக்கை எங்கும் வகுப்பதில்லை. இருப்பும் தேவையும் முழு எண்களாக இருந்தால் விடையும் முழு எண்களாகவே வரும். கட்டத்துக்குள் பின்னம் வந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது.

மறுபடியும் u, v. அ = 0, க = 2, ச = 3, ஆ = 4. இ-ச கட்டம் 9, எனவே இ = 6. இ-த கட்டம் 7, எனவே த = 1. காலிக் கட்டங்கள்: அ-த 8, ஆ-ச 1, ஆ-த 3, இ-க 3. எதுவும் எதிர் எண் இல்லை, பூஜ்யமும் இல்லை. எனவே 820 குறைந்த செலவு மட்டுமல்ல, அதை எட்டும் திட்டமும் இது ஒன்றுதான். ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் பூஜ்யம் வந்திருந்தால், அதே செலவில் இன்னொரு திட்டமும் இருக்கலாம் என்று குறிப்பிட வேண்டும்.

இந்த வரியை எழுதும்போது நாம் உண்மையில் என்ன நிரூபிக்கிறோம் என்பது கன்டரோவிச்சின் பங்கு. எந்தக் கட்டத்திலும் u + v செலவைத் தாண்டவில்லை. ஆகவே யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும், அவர் அனுப்பும் ஒவ்வொரு டன்னுக்கும் குறைந்தது u + v செலவாகும். எல்லா டன்களுக்கும் அதைக் கூட்டினால், ஆலைகளின் இருப்பை u-வால் பெருக்கியதும் ஊர்களின் தேவையை v-யால் பெருக்கியதும் சேர்ந்து வரும்: 50×0 + 40×4 + 60×6 + 60×2 + 45×3 + 45×1 = 820. திட்டம் எப்படி இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. எனவே 820-க்குக் கீழே எவராலும் போக முடியாது, நாம் 820-லேயே நிற்கிறோம். மற்றத் திட்டங்கள் ஒவ்வொன்றையும் பார்க்காமலே சொல்ல முடிகிறது.

எண்களுக்கு உள்ளர்த்தமும் உண்டு. ஆ ஆலையின் u 4, அ-வின் u 0. ஆ-வில் இருக்கும் ஒரு டன் அ-வில் இருந்திருந்தால் செலவு 4 குறைந்திருக்கும். சோதித்துப் பாருங்கள்: ஆ-க கட்டத்தில் ஒரு டன் குறைந்தால் 6 மிச்சம், அ-க கட்டத்தில் ஒன்று கூடினால் 2 செலவு. கூப்மன்ஸ் கப்பல்களுக்குத் தேடியது இப்படிப்பட்ட எண்களைத்தான்.

மாணவர்கள் திணறும் இடம் ஒன்று பாக்கி. தலைகீழாக எழுதிய அட்டவணையில் வடமேற்கு மூலை நான்கு கட்டங்களைத்தான் நிரப்பியது. இ-க கட்டத்தில் 60 வைத்தபோது இ ஆலையும் க ஊரும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிட்டதால் வந்த வினை. வகுப்பில் டிஜெனரசி என்பார்கள். அப்படியே u, v போடப் போனால் பாதியில் நின்றுவிடும்: இ-யும் க-வும் ஒரு தனித் தீவாக இருக்கின்றன, மற்ற நால்வரிடமிருந்து அங்கே போக வழியில்லை. ஒரு காலிக் கட்டத்தில் ε என்ற மிகச் சிறிய சரக்கை வைத்து ஐந்தாவது கட்டமாக எண்ணிக்கொள்வது இதற்கு மருந்து. சிறிதளவு அசைத்துப் பார்க்கும் இந்த உத்தியைச் சார்ன்ஸ் 1952-ல் பொதுவான நேரியல் கணக்குகளுக்கு எழுதினார். ஆனால் எந்தக் காலிக் கட்டத்திலும் வைத்துவிட முடியாது. ஆ-த கட்டத்தில் வைத்தால் ஆ-ச, அ-ச, அ-த, ஆ-த நான்கும் தங்களுக்குள்ளேயே ஒரு சுற்றாகிவிடும், தீவு தீவாகவே இருக்கும். இ-ச கட்டத்திலோ ஆ-க கட்டத்திலோ வைத்தால் பாலம் கிடைக்கும். u, v ஆறும் முழுமையாகக் கிடைத்ததா என்பதே ε சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்குச் சோதனை. கடைசி விடையில் ε இருந்தால் அதைப் பூஜ்யமாக்கிவிட்டுச் செலவை எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வடமேற்கு மூலை, மீச்சிறு செலவு, வோகல் ஆகிய தொடக்கத் தீர்வுகளோடு பாடம் நின்றுவிடுகிறது. கல்லூரியில் u, v வரை போக வேண்டும். அங்கே ஓர் எச்சரிக்கை. இருப்பையும் தேவையையும் u, v-யால் பெருக்கிக் கூட்டியது செலவோடு ஒத்துப்போனால் மட்டும் விடை முடிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். 865 திட்டத்தின் u, v-யைப் போட்டாலும் 865-தான் வரும். அந்தப் பெருக்கல் உங்கள் கூட்டல் கழித்தல் சரியா என்று மட்டும்தான் சொல்லும். விடை முடிந்ததா என்று சொல்வது காலிக் கட்டங்களில் எதிர் எண் இல்லை என்ற வரி. அதை எண்களோடு, ஒரு கட்டம் விடாமல் எழுதிவிட்டுத் தாளைக் கொடுங்கள்.